"மன்னிப்புக் கேட்கிறேன்" என்றால் போதுமா? ஒரு வாக்கியத்தைச் சோதிக்கும் முறை

"நாளைக்குள் பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்களிக்கிறேன்." இதைச் சொன்ன அந்த நொடியிலேயே வாக்களித்தாகிவிட்டது. இந்தப் பேச்சு உண்மையா பொய்யா என்று கேட்பதைவிட, செல்லுபடியானதா என்று கேட்பதே பொருந்தும். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதை விளக்கினார். வாக்குறுதிக்கான நிபந்தனைகளை 1960களில் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சேர்ல் வரிசைப்படுத்தினார். அவற்றைக் கொண்டு ஒரு மன்னிப்பைச் சோதித்துப் பார்ப்போம்:

"அறிக்கை தாமதமானதால் உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்."

படி 1: வினையைப் பாருங்கள். தன்மையில், நிகழ்காலத்தில் இருக்கும் வினைக்கு முன் "இதன்மூலம்" சேர்த்துப் பாருங்கள். "இதன்மூலம் வாக்களிக்கிறேன்" பொருந்தும், "இதன்மூலம் நடக்கிறேன்" பொருந்தாது. பொருந்துவது நிகழ்த்து வினை, அதாவது சொல்வதாலேயே செயலைச் செய்துவிடும் வினை. "வாக்களித்தான்" வெறும் செய்திதான். நம் வாக்கியத்தில் "கேட்கிறேன்" தேறிவிடுகிறது. ஆனால் நிகழ்த்து வினை கட்டாயமில்லை. "கண்டிப்பா வந்துடுறேன்" என்பதும் வாக்குறுதிதான்.

படி 2: யாருடைய செயல், எப்போது? வாக்குறுதி, பேசுபவர் இனிச் செய்யப்போவதைப் பற்றியது. மன்னிப்பு, அவர் ஏற்கெனவே செய்ததையோ அவர் பொறுப்பேற்க வேண்டியதையோ பற்றியது. "சத்தியமா நான் எடுக்கல" என்பது இதனால்தான் வாக்குறுதி ஆகாது, அழுத்திச் சொன்ன மறுப்பு மட்டுமே. நம் வாக்கியம் இங்கே சறுக்குகிறது. "தாமதமானது" என்ற சொல்லில் தாமதப்படுத்திய ஆளையே காணோம்!

படி 3: கேட்பவருக்கு நல்லதா கெட்டதா? வாக்களிக்கும் செயலைக் கேட்பவர் விரும்ப வேண்டும், அது எப்படியும் நடக்கும் என்ற நிலையும் இருக்கக்கூடாது. "உன்னை வேலையை விட்டுத் தூக்குவேன், இது உறுதி" என்பது மிரட்டல். மன்னிப்பிலோ, செய்தது அவரைப் பாதித்திருக்க வேண்டும். நம் வாக்கியத்தின் "ஏற்பட்டிருந்தால்" பாதிப்பையே சந்தேகத்தில் விடுகிறது.

படி 4: மனதில் இருக்கிறதா? வாக்களிப்பவருக்குச் செய்யும் எண்ணம் வேண்டும், மன்னிப்புக் கேட்பவருக்கு வருத்தம் வேண்டும். தொடக்கத்தில் பலரும் குழம்பும் இடம் இது. எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்கும் வாக்குதான். அதை ஆஸ்டின் செல்லாதது என்று தள்ளவில்லை, முறைகேடு என்றார். "மனசுக்குள்ள அப்படி நினைக்கலையே" என்று யாரும் தப்பிக்க முடியாது.

சரி, இப்போது திருத்துவோம்: "அறிக்கையை நான் தாமதமாக அனுப்பினேன். அதனால் உங்கள் கூட்டம் தள்ளிப்போனது. மன்னிப்புக் கேட்கிறேன்." செய்த ஆளும் பாதிப்பும் இதில் தெரிகின்றன.

இதோடு "இனி இப்படி நடக்காது" என்று சேர்க்கத் தோன்றும். அதிலும் ஆள் இல்லை, வெறும் ஆரூடம் போலத்தான் ஒலிக்கிறது. "அடுத்ததை வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்" என்று எழுதுங்கள்.