பத்து வகுப்புத் தொகுப்புக்குக் கெடு வைத்த கதை

ஒரு யோகா வகுப்புக்குத் தனிக்கட்டணம் 300 ரூபாய், பத்து வகுப்புத் தொகுப்புக்கு 2,500 ரூபாய் என வசூலித்த நான், தொகுப்புக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. முன்பணம் அந்தந்த மாத வாடகைக்கே செலவாகிவிட்டதால், பள்ளித் தேர்வுகள் முடிந்து பலர் பழைய அட்டைகளுடன் ஒரே வாரத்தில் திரும்பியபோது, கூடம் நிறைந்தும் புதுப் பணம் வரவில்லை.

வாரம் இருமுறை வருபவருக்குத் தொகுப்பு ஐந்து வாரத்தில் முடியும் என்பதால், பணம் கட்டிய நாளிலிருந்து அல்லாமல் முதல் வகுப்பிலிருந்து எட்டு வாரம் என வரம்பிட்டு, முடியும் தேதியை அட்டையிலேயே எழுதிக் கொடுத்தேன். உடல்நலமில்லை என்று முன்கூட்டியே சொன்னால், ஒருமுறை இரண்டு வாரம் நீட்டிக்கிறேன். பழைய அட்டைகளுக்கு இவ்விதியைப் பொருத்தவில்லை, அது நியாயமன்று. வாரம் ஒருமுறை மட்டும் வருபவருக்கு எட்டு வாரத்துக்குத் தனிக்கட்டணம் 2,400 ரூபாய்தான் ஆகும் என்பதால், அவருக்குத் தொகுப்பை விற்பதில்லை.