பொடுகு ஷாம்பு: கடிகாரத்தை எப்போது தொடங்குவது?

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு தலையில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். இருக்க வேண்டிய இடம் தலைத்தோல், முடி அல்ல. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தோலில்தான் வாழ்கிறது, அங்கே ஊறும் எண்ணெயைத்தான் தின்கிறது. "ஒரு பாட்டில் காலி, பொடுகு போகவில்லை" என்பவர்களில் பலருக்கு மருந்து தோலைத் தொட்டே இருக்காது.

மன்னார்குடிப் பக்கம் இடுப்பு வரை முடி உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து ஊறுகிறார். பிறகு மருந்து ஷாம்புவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து உச்சியில் ஊற்றித் தேய்க்கிறார். கரைத்த ஷாம்பு முடி வழியாகவே வழிந்து ஓடிவிடும். மிச்சம் இருப்பதும் எண்ணெயை எடுப்பதிலேயே தீர்ந்துபோகும். ஐந்து நிமிடம் காத்திருந்தும் பலன் இல்லை.

அவர் செய்ய வேண்டியது இது. முதலில் வீட்டில் இருக்கும் சாதாரண ஷாம்புவால் ஒரு முறை அலசி எண்ணெயை எடுக்க வேண்டும். எண்ணெய் இருக்கும்வரை நுரை சரியாக வராது. நுரை வராவிட்டால் இன்னொரு முறை அலசுங்கள். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் எண்ணெய் போன பிறகும் நுரை குறைவாகத்தான் இருக்கும். அங்கே நுரையை நம்பாமல், வகிட்டில் விரலை வைத்துப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, முடியை நன்றாகப் பிழிந்து, துண்டால் ஒற்றி எடுங்கள். தலை ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் மருந்தும் அதோடு இறங்கிவிடும்.

இப்போது மருந்து. சின்ன ஸ்பூனால் இரண்டு, அதாவது சுமார் 10 மி.லி. போதும். முடி எவ்வளவு நீளம் என்றாலும் தலை அதே அளவுதானே! தண்ணீர் கலக்காமல் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தொட்டுத் தோலில் வையுங்கள். நகம் படக் கூடாது, கீறினால் எரியும். உச்சியில் இரண்டு, காதுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்று, பின்மண்டையில் நான்கு என்று எட்டு வகிடு போதும். பொடுகு எங்கே அதிகமோ அங்கேயிருந்து தொடங்குங்கள்.

நேரக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு வகிட்டுக்குக் கால் நிமிடம் என்றால் எட்டுக்கும் இரண்டு நிமிடம். முதல் வகிட்டிலேயே கடிகாரம் பார்க்கத் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் அலசினால், கடைசி வகிட்டுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்தான். அதனால் கடைசி வகிடு முடிந்த பிறகு போனில் 3 நிமிடம் வையுங்கள். கடைசி இடத்துக்கு மூன்று, முதல் இடத்துக்கு ஐந்து. இரண்டும் அளவுக்குள்தான்.

காத்திருக்கும்போது முடியைத் தளர்வாகத் தூக்கிக் கிளிப் போடுங்கள். துண்டைச் சுற்றினால் அது மருந்தை உறிஞ்சிவிடும். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போடலாம், தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளுங்கள். நெற்றியில் இறங்கும் நுரையைக் கண்ணில் போகாமல் துடைத்துவிடுங்கள். நேரம் முடிந்ததும் தலையை நன்றாக அலச வேண்டும். பலன் கூடும் என்று அரை மணி நேரம் விட்டால் தோல் வறண்டு எரிவதுதான் மிச்சம்.

வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். 100 மி.லி. பாட்டில் இதற்குப் போதும், கொஞ்சம் மீதியும் இருக்கும். அந்த நான்கு வாரமும் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம், முடி நுனியில் தடவிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் பூஞ்சைக்கும் சாப்பாடுதான். நடுவில் தீபாவளி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் குடி முழுகாது. அன்றே எண்ணெயை முழுசாக எடுத்துவிடுங்கள்.

உச்சியில் பொடுகு போய், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் செதில் நிற்கிறதா? மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. அடுத்த முறை பிடரியிலிருந்து தொடங்குங்கள். குறைந்த பிறகு, வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை போட்டால் போதும்.

செலீனியம் சல்ஃபைடு ஷாம்பு என்றால் நேரம் வேறு. லேபிளில் உள்ளபடி செய்யுங்கள், தோடு, சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள், நகை நிறம் மாறலாம்.

நான்கு வாரம் இப்படிப் போட்டும் குறையாவிட்டாலோ, தடித்த வெள்ளிச் செதில் முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு வட்டமாக முடி ஒடிந்து கொட்டினால் அது பொடுகு அல்ல, படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து தேவைப்படும்.