ஸ்பெயினில் ஆங்கிலத்தை நம்பிப் பேசும்போது தடுக்கும் சொற்கள்

ஸ்பெயினுக்குப் புதிதாக வரும் தமிழர்களில் பலர், ஆங்கிலம் தெரிந்திருப்பதால் ஸ்பானியச் சொற்களில் பாதியை ஊகித்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். ஒஸ்பித்தால், தொக்தோர் போன்ற சொற்கள் அந்த நம்பிக்கையை வளர்க்கவும் செய்கின்றன. ஆனால் ஆங்கிலச் சொல்லின் வாலில் ஓர் 'ஓ'வையோ 'ஆ'வையோ ஒட்டிப் பேசும் இந்தப் பழக்கம், மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் ஆளைக் கவிழ்த்துவிடும்.

முதலில் எம்பராசாதா. கூச்சத்தைக் குறிக்கும் ஆங்கில எம்பராஸ்டு போலவே ஒலித்தாலும், இச்சொல்லுக்குக் கர்ப்பமாக இருப்பவள் என்று பொருள். ஓர் ஆண் இதைச் சொன்னால் சிரிப்போடு போய்விடும். ஒரு பெண் சொன்னால் கேட்பவர் உண்மையென்றே எடுத்துக்கொள்வார் என்பதுதான் சிக்கல். முதுகுவலியோடு சுகாதார நிலையத்துக்குப் போன ஒருவர், மொழி சரியாக வராத கூச்சத்தைச் சொல்ல நினைத்து 'எஸ்தோய் எம்பராசாதா' என்றார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் இப்யூபுரோஃபென் எழுதித் தரத் தயங்குவார். எக்ஸ்ரே எடுப்பதைத் தள்ளிவைப்பார். எத்தனை மாதம் என்றும் கேட்பார். திடீரென மாதக் கணக்கும் கடைசி மாதவிலக்கு நாளும் விசாரிக்கப்பட்டால், என்ன நடந்துவிட்டது என்று அங்கேயே புரிந்துகொண்டு 'நோ எஸ்தோய் எம்பராசாதா' என்று திருத்திவிட வேண்டும். கூச்சத்தைச் சொல்ல 'மே தா வெர்குவென்சா' என்பதே சரியான வழக்கு. இது நமக்கு எளிதாகவே வரும்: 'எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று தமிழில் 'எனக்கு' போட்டுச் சொல்வதைப் போல, ஸ்பானியமும் இங்கே 'மே' போட்டே தொடங்குகிறது. ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேரே போனால் பிழை வராத இடம் இது. எம்பராசோசோ என்ற சொல் மட்டும் தர்மசங்கடமான நிலையையே குறிக்கும் என்பதால் குழப்பம் கூடுகிறது. தொடக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மருந்துக்கடையில் காத்திருக்கும் சொல் கொன்ஸ்திபாதோ. ஸ்பெயினில் இதற்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு 'எஸ்தோய் கொன்ஸ்திபாதோ' என்பவருக்கு மூக்கடைப்பு மாத்திரைதான் கிடைக்கும். அவர் கேட்டிருக்க வேண்டிய சொல் எஸ்த்ரெஞீதோ. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் கொன்ஸ்திபாதோ மலச்சிக்கலையே குறிக்கும். ஆகவே எதிரில் நிற்பவர் அங்கிருந்து வந்தவரானால் பொருள் தலைகீழாகிவிடும். சளிக்கு ரெஸ்ஃப்ரியாதோ என்று சொல்லிவிட்டால் இரு பக்கத்தாருக்கும் விளங்கும். பெண்கள் இச்சொற்களின் ஈற்று 'தோ'வைத் 'தா' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

உணவுப் பொருளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் உண்டா என்று கடையில் விசாரிக்கும்போது ப்ரெஸெர்வதீவோ என்று கேட்டுவிடாதீர்கள், அது ஆணுறை. ஊறுகாய்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் கடைக்காரர் முகம் எப்படி மாறும் என்று விளக்க வேண்டியதில்லை. உறையில் அச்சாகியிருக்கும் சொல் கொன்ஸெர்வான்தெஸ். 'சின் கொன்ஸெர்வான்தெஸ்' என்றால் அவை சேர்க்கப்படவில்லை என்று பொருள்.

எக்ஸித்தோ அவ்வளவு ஆபத்தில்லாதது. அதற்குப் பொருள் வெற்றி. மெட்ரோ நிலையத்தில் 'எக்ஸித்தோ எங்கே' என்று கேட்பவருக்கு ஒரு புன்னகையும், இரக்கப்பட்டால் வழியும் கிடைக்கும். வெளியேறும் வழியைச் சலீதா என்பார்கள். ரயில் நிலையம், நெடுஞ்சாலை, அவசர வழி எல்லாவற்றிலும் பலகையில் இருப்பது அதுவே. இதன் மறுபக்கம்தான் கவனிக்க வேண்டியது. ஆங்கில சக்ஸஸை நினைத்து, புதுக் கடை திறந்த நண்பரைச் சுசேசோ என்று சொல்லி வாழ்த்திவிடுபவர்கள் உண்டு. சுசேசோ என்றால் நிகழ்வு. நாளிதழ்களில் அந்தத் தலைப்பின்கீழ் வருவன விபத்துகளும் குற்றச் செய்திகளும். வாழ்த்துவதற்கு 'முச்சோ எக்ஸித்தோ' என்பதே போதும்.

சிரிப்பே வராத ஒன்று பச்சியெராத்தோ. பேச்சிலர் பட்டம் போல ஒலிப்பதால், பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள் வேலை விண்ணப்பத்தில் இதை எழுதிவிடுகிறார்கள். ஸ்பெயினில் இது பதினாறு வயதுக்கு மேல் படிக்கும் இரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு. ஏறக்குறைய நம் பிளஸ் டூ. இதை எழுதியவரைப் பள்ளியோடு நின்றவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர் தவறாக எழுதியிருக்கிறார் என்று யாரும் கேட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பல்கலைக்கழக இளநிலைப் பட்டத்தைக் கிராதோ என்று குறித்து, பட்டத்தின் பெயரையும் படித்த ஆண்டுகளையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.