காசோலைப் பணம் கணக்கில் தெரிகிறது, எடுக்க முடியவில்லை: இதைச் சொல்லும் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கிளையில் கவுன்டரில் இருந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "பணம் ஏறிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சே, ஏன் எடுக்க முடியல?" கேட்டவர்கள் செய்தியைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். எழுதியதில்தான் கோளாறு. அப்படி ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

"உங்கள் கணக்கில் 50,000 வரவு வைக்கப்பட்டது. இருப்பு 62,000. தீர்வுக்கு உட்பட்டது."

இது 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் காசோலை போட்ட ஒருவருக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஏற்கெனவே இருந்தது 12,000. திங்கள் காலை 18,000 கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும். இன்னொரு கணக்கில் அவருக்கு 20,000 இருக்கிறது. 62,000 இருப்பு என்று பார்த்ததும், அங்கிருந்து பணம் மாற்றத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். சனிக்கிழமை 9,000 எடுத்தார், அது வந்தது. திங்கள் காலை தவணை திரும்பிவிட்டது, அதற்கு அபராதமும் விழுந்தது. திரையில் இருப்பு 53,000 என்று இருந்தது. உண்மையில் எடுக்க முடிந்தது 3,000 மட்டும். புதன்கிழமை காசோலை எந்தச் சிக்கலும் இல்லாமல் பாஸ் ஆனது. காசோலையிலும் குறை இல்லை, தவணையிலும் குறை இல்லை. அவருக்குக் கெடுதல் செய்தது அந்த மூன்று வாக்கியங்கள்.

முதல் தவறு, "வரவு வைக்கப்பட்டது" என்று தொடங்குவது. வங்கியின் பதிவேட்டில் அது சரியான சொல்தான். காசோலை வந்ததும் தொகையைக் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் காசோலை எழுதிக் கொடுத்தவரின் வங்கி அதைப் பார்த்து, பணம் இருக்கிறதா, கையெழுத்து பொருந்துகிறதா, நிறுத்தச் சொல்லியிருக்கிறாரா என்றெல்லாம் சரிபார்த்துப் பணம் தர ஒப்புக்கொள்ளும் வரை அந்த வரவு தற்காலிகமானது. படிப்பவருக்கோ வரவு என்றால் வந்துவிட்டது என்றுதான் பொருள். முதல் வாக்கியத்தில் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கடைசி வாக்கியத்தில் "தீர்வுக்கு உட்பட்டது" என்று இழுத்துப் பிடிக்க முடியாது. காசோலை வசூலாவதைத்தான் வங்கிக்காரர்கள் "தீர்வு" என்பார்கள், வெளியில் இருப்பவருக்கு அந்தச் சொல் எதையும் எச்சரிக்காது.

அதற்காக வரவு என்ற பேச்சையே எடுத்துவிடுவதும் தவறு. திருத்த உட்காருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். "உங்கள் காசோலை பெறப்பட்டது" என்று மட்டும் அனுப்பினால், செயலியைத் திறந்து பார்ப்பவருக்கு 62,000 தெரியும், அதை நம்பிவிடுவார். செய்தி அந்த எண்ணைப் பேர் சொல்லி விளக்கவேண்டும்: கணக்கில் 62,000 என்று தெரியும், அதில் 50,000 இன்னும் வசூலாகவில்லை என்று.

இரண்டாவது தவறு, ஒரே ஒரு இருப்பைச் சொல்வது. கணக்கில் இரண்டு தொகைகள் இருக்கின்றன: பதிவேட்டு இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு. படிப்பவர் அறிய விரும்புவது இரண்டாவதை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும்போது இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும்; தமிழில் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். "தமிழ்" என்ற சொல்லே 5 ஆகிவிடும். நீளமான செய்தி பல துண்டாகப் போய்க் கைப்பேசியில் ஒன்றுசேரும். பூட்டிய திரையில் தெரிவது தொடக்கம் மட்டுமே. "இப்போது எடுக்கக்கூடியது 12,000 மட்டுமே." என்பது 70க்குள் அடங்கிவிடும். அதை முதலில் வையுங்கள்.

மூன்றாவது, "2 வேலை நாட்களில்" என்று எழுதுவது. எங்கிருந்து எண்ணுவது? நம் ஆள் காசோலை போட்டது வெள்ளி மாலை 5 மணிக்கு. அன்றைய வசூலுக்கு அனுப்பும் நேரம் 3 மணியோடு முடிந்துவிட்டது, சனியும் ஞாயிறும் வேலை நாள் இல்லை. ஆகவே காசோலை திங்கள் போட்டதாகவே கணக்கு. அதிலிருந்து இரண்டு வேலை நாள் என்றால் 14ஆம் தேதி புதன். அவரோ ஞாயிறு, மிஞ்சினால் திங்கள் என்று நினைத்திருப்பார். நேரமும் விடுமுறைகளும் வங்கியின் கணினிக்குத் தெரியும். நாட்களை அது எண்ணட்டும், செய்தியில் தேதியை மட்டும் அச்சிடுங்கள்.

ஆனால் அந்தத் தேதியை வாக்குறுதியாக எழுதாதீர்கள். "புதன்கிழமை பணம் கிடைக்கும்" என்பது தவறு, காசோலை பாஸ் ஆகாமல் திரும்பியும் வரலாம். சில வங்கிகள் முடிவு தெரிவதற்கு முன்பே ஒரு பகுதியை எடுக்கவிடும். எடுக்க முடிந்தது என்பதாலேயே காசோலை பாஸ் ஆகிவிட்டது என்று ஆகாது. மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூடுதல் தொகைக்குக் காசோலை கொடுத்து, "தெரியாமல் அதிகம் எழுதிவிட்டேன், மீதியை உடனே அனுப்புங்கள்" என்பார்கள். வரவு வைக்கப்பட்டது என்ற செய்தியைப் பார்த்து, காசோலையைக் கணக்கில் போட்டவர் அனுப்பிவிடுவார். பிறகு காசோலை திரும்பும், அனுப்பிய பணம் போனதுதான். அதனால் என்ன செய்யக்கூடாது என்பதும் செய்தியில் இருக்கவேண்டும்.

சரி, இப்போது திருத்தி எழுதுவோம்:

"இப்போது எடுக்கக்கூடியது 12,000 மட்டுமே. கணக்கில் 62,000 என்று தெரியும். அதில் 50,000 நீங்கள் போட்ட காசோலை, இன்னும் வசூலாகவில்லை. பாஸ் ஆனாலும் திரும்பினாலும் 14ஆம் தேதி புதன் மாலைக்குள் தெரிவிப்போம். அதுவரை இதை நம்பி யாருக்கும் பணம் அனுப்பவோ பொருள் கொடுக்கவோ வேண்டாம். தவணை இருந்தால் வேறு பணம் போட்டு வையுங்கள்."

நீளம்தான். சுருக்கவேண்டுமானால் கடைசி வாக்கியத்தை, அடுத்த சில நாட்களில் தவணை இருப்பவர்களுக்கு மட்டும் போகும்படி செய்யலாம். முதல் மூன்றில் கைவைக்காதீர்கள். அனுப்பும் முன், வங்கியில் வேலை செய்யாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "நாளைக்கு 15,000 எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஒரு நொடி யோசித்தால்கூட இன்னும் திருத்தவேண்டியிருக்கிறது.

அப்புறம், புதன்கிழமைச் செய்தி. தெரிவிப்போம் என்று எழுதியபின் அது போகாவிட்டால், சத்தமில்லாததையே பாஸ் ஆனதாக எடுத்துக்கொள்வார்கள். காசோலை திரும்பினால் "50,000 பற்று வைக்கப்பட்டது" என்று மொட்டையாக அனுப்புவது வழக்கம். யாரோ பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படி எழுதுங்கள்: "9ஆம் தேதி நீங்கள் போட்ட 50,000 காசோலை திரும்பிவிட்டது. காரணம்: கொடுத்தவர் கணக்கில் போதிய பணம் இல்லை. அதற்காக எழுதியிருந்த 50,000 நீக்கப்பட்டது. உங்கள் சொந்தப் பணம் 3,000 அப்படியே இருக்கிறது. காசோலையைக் கிளையில் வாங்கிக்கொள்ளலாம்."