எத்தில் அசிட்டேட் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநிலை வேதியியல் ஆய்வகத்தில் எத்தில் அசிட்டேட் தயாரிக்கும் வாரம் வந்தாலே, மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே பிழைகள் ஒவ்வொரு மேசையிலும் வரிசையாக நடப்பதைப் பார்க்கிறேன். கண்ணாடி உடைவது, அமிலம் சிந்துவது போன்ற வெளிப்படையானவற்றை இங்கே எழுதப் போவதில்லை. செய்தவருக்கே தெரியாமல் நடந்து, விளைபொருளைக் கெடுத்துவிடும் தவறுகளே இக்கட்டுரையின் பொருள். அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கந்தக அமிலத்தை அள்ளி ஊற்றுதல்

அது வினையூக்கி மட்டுமே. கீழே சொல்லும் அசிட்டிக் அமிலம், எத்தனால் அளவுக்கு 2 மி.லி. போதும், குடுவையைக் குளிர்நீரில் வைத்துச் சுழற்றியபடி சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அதிகமானால் கலவை கருகும்.

நிலையான வெப்பநிலையைத் தூய்மையின் சான்றாக நம்புதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், வெப்பமானி 71 டிகிரிக்கும் 72 டிகிரிக்கும் இடையில் அசையாமல் நின்றபோது வடிந்ததை முழுவதும் சேகரித்து, 38 கிராம் கிடைத்ததாகவும் விளைச்சல் 86 விழுக்காடு என்றும் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். எத்தில் அசிட்டேட்டின் கொதிநிலை 77 டிகிரி ஆயிற்றே என்று கேட்டேன். "சார், வெப்பமானி அஞ்சாறு டிகிரி குறைவாகக் காட்டுகிறது, ஆனால் அளவீடு கடைசிவரை மாறவே இல்லை, அதனால் பொருள் தூய்மையானதுதான்" என்று நம்பிக்கையோடு சொன்னார். வெப்பமானியில் பழுதே இல்லை. அதைக் கொதிக்கும் நீரின் ஆவியில் பிடித்துப் பார்த்தபோது சரியாக 100 காட்டியது.

நடந்தது என்ன என்பதைக் கணக்கோடு பார்ப்போம். அவர் எடுத்தது அரை மோல் அசிட்டிக் அமிலம், அதாவது 28.5 மி.லி.; முக்கால் மோல் எத்தனால், அதாவது 44 மி.லி. இவ்வினை முழுமை அடைவதில்லை, சமநிலையில் நின்றுவிடும். சமநிலை மாறிலி ஏறத்தாழ 4 என்பதால், குளிர்விப்பானைச் செங்குத்தாகப் பொருத்தி எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அமிலத்தில் 78 விழுக்காடுதான் எத்தில் அசிட்டேட் என்னும் எஸ்டராக மாறும். அப்போது குடுவையில் எஸ்டர் 34 கிராம் இருந்தால், எஞ்சிய எத்தனால் ஏறத்தாழ 16 கிராம் இருக்கும். வினையில் உண்டான நீரும் உடன் இருக்கும்.

இந்த 16 கிராம்தான் சிக்கலின் வேர். எத்தில் அசிட்டேட் 77.1 டிகிரியிலும் எத்தனால் 78.3 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்தால், எடையில் 31 விழுக்காடு எத்தனால் கொண்ட கொதிநிலை மாறாக் கலவை உருவாகி, 71.8 டிகிரியிலேயே வடியத் தொடங்குகிறது. அந்த விகிதத்தில் ஒரு கிராம் எத்தனால் தன்னோடு 2.2 கிராம் எஸ்டரை இழுத்துச் செல்லும். எனவே 16 கிராம் எத்தனால், குடுவையில் உள்ள எஸ்டர் முழுவதையும் அந்தக் கலவைக்குள் கொண்டுபோய்விட வல்லது. நீரும் சேர்ந்தால் மூன்றும் கூடிய கலவை 70.2 டிகிரியில் வடியும். இவையெல்லாம் தூய பொருளைப் போலவே வெப்பநிலை மாறாமல் கொதிப்பவை. மாணவர் சேகரித்த 38 கிராமில், நீரைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும்கூட, எஸ்டர் 26 கிராம் அளவுக்குத்தான் இருந்திருக்கும். விளைச்சல் 86 அன்று, 60.

கொதிநிலை குறைந்ததற்குக் காற்றழுத்தத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. அது உண்மையான காரணமாக இருக்கக்கூடும் என்பதால் தட்டிக்கழிக்காமல் சரிபார்க்க வேண்டும். கடல்மட்டத்தில் உள்ள சென்னையில் 77 டிகிரி என்றால், ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் ஒன்றரை டிகிரி குறையும். உதகையில் தூய எத்தில் அசிட்டேட்டே 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதித்துவிடும். ஐயம் இருந்தால், புட்டியில் உள்ள தூய எத்தில் அசிட்டேட்டில் கொஞ்சம் எடுத்து, அதே கருவியில் வடித்து, அந்த அளவீட்டோடு ஒப்பிடுவதே நேர்மையான வழி.

எத்தனாலை நீக்கும் வேலையைச் செய்வது கால்சியம் குளோரைடுக் கரைசல். அது எத்தனாலோடு இணைந்து அதை நீர் அடுக்குக்கு இழுத்துக்கொள்கிறது. அந்த மாணவர் சோடியம் கார்பனேட்டால் அமிலத்தை நடுநிலையாக்கியதோடு கழுவுதல் முடிந்தது என்று எண்ணிவிட்டார். நீரற்ற கால்சியம் குளோரைடு 20 கிராமை 30 மி.லி. நீரில் கரைத்து, கரையும்போது எழும் சூடு முழுவதும் ஆறிய பின்னர், இரண்டு பங்காகப் பிரித்து இருமுறை கழுவ வேண்டும். போதுமா என்று அறிய, கழுவிய எஸ்டரில் 5 மி.லி. எடுத்து, அளவுக் கோடுள்ள குழாயில் அதே அளவு புதிய கால்சியம் குளோரைடுக் கரைசலோடு குலுக்கி நிற்கவிட வேண்டும். மேல் அடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கினால் எத்தனால் இன்னும் இருக்கிறது என்று பொருள். மீண்டும் கழுவ வேண்டும்.

கார்பனேட்டுக்குப் பின் நேராகக் கால்சியம் குளோரைடுக்குப் போதல்

பிரிபுனலில் தங்கிய கார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். அது இரு அடுக்குகளுக்கும் நடுவே தயிர்போல் திரண்டு நிற்பதால், எங்கே பிரிப்பது என்றே தெரியாது. ஆகவே இரண்டுக்கும் இடையில் செறிந்த உப்புநீரால் ஒருமுறை கழுவ வேண்டும். வெறும் நீரைப் பயன்படுத்தக் கூடாது, 100 மி.லி. நீர் 8 கிராம் எத்தில் அசிட்டேட்டைக் கரைத்துக்கொள்ளும். கார்பனேட்டோடு குலுக்கும்போது கரியமில வாயு அழுத்தம் ஏறும் என்பதால், முதல் குலுக்கலிலிருந்தே புனலைத் தலைகீழாக்கி அடைப்பானை அழுத்திப் பிடித்து, குழாயைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும்.

அடுக்கை அவசரப்பட்டுக் கொட்டுதல்

எஸ்டர் மேலடுக்கு. வடித்து முடிக்கும்வரை எதையும் கொட்டாதீர்கள்.

உலர்த்தியைக் குடுவையிலேயே விட்டு வடித்தல்

கழுவி முடித்த எஸ்டர் தெளிவாகத் தோன்றினாலும், அதில் 3 விழுக்காடு வரை நீர் கரைந்திருக்கும். 30 கிராமுக்கு இது ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆயினும் நீருடன் எஸ்டர் உருவாக்கும் கலவை 70.4 டிகிரியில் வடியும்போது, ஒரு கிராம் நீர் 11 கிராம் எஸ்டரை உடன் கொண்டுபோகும். இதனாலேயே நீரற்ற மெக்னீசியம் சல்பேட் அல்லது சோடியம் சல்பேட் இட்டு உலர்த்துகிறோம். சோடியம் சல்பேட் மெதுவாகவே வேலை செய்யும். அரைமணி நேரமாவது அவ்வப்போது குலுக்கி வைக்க வேண்டும். பொடி அனைத்தும் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டால் போதவில்லை என்று பொருள். சிறிது தனித்துச் சுழலும்வரை சேர்க்க வேண்டும். பின்னர் வடிகட்டிய திரவத்தை மட்டுமே காய்ந்த குடுவைக்கு மாற்ற வேண்டும். நீரை ஏற்ற சோடியம் சல்பேட் 32 டிகிரியைத் தாண்டினாலே அதைத் திரும்ப விட்டுவிடும் என்பதால், பொடியோடு சூடேற்றினால் உலர்த்திய உழைப்பு வீணாகும்.

நேரடித் தீ

கூடவே கூடாது. நீர்த்தொட்டியில் வைத்துச் சூடேற்றுங்கள்.

வெப்பமானிக் குமிழை மேலே தூக்கி வைத்தல்

குமிழின் மேல் விளிம்பு, பக்கக் குழாயின் கீழ் விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஆவி முழுதாகச் சூழாமல் அளவீடு குறையும்.

கடைசி வடிப்பில் 74 டிகிரிக்குக் கீழே வருவதைத் தனிக் குடுவையிலும், கடல்மட்டத்துக்கு அருகே என்றால் 76 முதல் 78 வரை வருவதை எடை பார்த்து வைத்த குடுவையிலும் பிடிக்க வேண்டும். இடைப்பட்டது மூன்றாவது குடுவைக்கு. முதல் பகுதி மூன்று, நான்கு மி.லி.க்கு மேல் போனால் கழுவியதோ உலர்த்தியதோ போதவில்லை. அப்பகுதியைக் கொட்டிவிட வேண்டியதில்லை. கால்சியம் குளோரைடால் மீண்டும் கழுவி, உலர்த்தி, வடித்தால் எஸ்டரில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும்.