கிராஸ்பிளே கணக்கு இணைப்பு: புரொஃபைல் தவறான கணக்கில் மாட்டிக்கொண்டால் செய்யக்கூடாதவை

கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாக ஃபோர்ட்நைட் ஆடும் ஒருவர், புதிய பிளேஸ்டேஷனில் அதே கேமைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லெவல் 1 என்று காட்டுகிறது. சேர்த்த பொருள்கள் இருக்கும் லாக்கர் காலி. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் கணக்குக்கும் பிளேஸ்டேஷன் கணக்குக்கும் ஒரே ஈமெயிலைத்தான் கொடுத்திருக்கிறார். பழைய கணக்கு அழிந்துவிட்டதோ என்று பதறத் தேவையில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, கன்சோலில் வேறொரு கணக்குக்குள் நுழைந்திருக்கிறார், அவ்வளவுதான். பெரும்பாலும் நிஜமான சேதம் நடப்பது இதற்குப் பிறகு, அவசரத்தில் அழுத்தும் பட்டன்களால்தான்.

முதல் தவறு, ஈமெயில் ஒன்றாக இருந்தால் கணக்கும் ஒன்றாகிவிடும் என்று நம்புவது. இணைப்பு ஈமெயிலைப் பார்ப்பதில்லை, திரையில் தெரியும் பெயரையும் பார்ப்பதில்லை. கேமைத் திறந்ததும் கன்சோல் தன் பிளேஸ்டேஷன் கணக்கின் உள் அடையாள எண்ணை கேமிடம் கொடுக்கும். அந்த எண் எந்த எபிக் கணக்கோடு பதிவாகியிருக்கிறதோ அந்தக் கணக்கு திறக்கும். கன்சோலில் பெயரை மாற்றினாலும் இணைப்பு அறுந்துபோகாததற்குக் காரணம் இதுதான். கட்டுப்பாட்டுக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதும் பொருட்டில்லை. குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கன்சோலில், கேமைத் திறந்த யூசர் யாரோ அவருடைய எண்தான் போகும். தம்பியின் யூசரில் கேமைத் திறந்துவிட்டு அக்கா தன் எபிக் கணக்கில் லாகின் செய்தால், அக்காவின் கணக்கு தம்பியின் பிளேஸ்டேஷன் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த எண் எங்கும் பதிவாகாமல் இருந்தால், இருக்கும் கணக்கில் லாகின் செய்கிறீர்களா, இல்லை அப்படியே ஆடப் போகிறீர்களா என்று கேம் கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போனால் ஈமெயிலும் பாஸ்வேர்டும் இல்லாத புதிய எபிக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். பிளேஸ்டேஷன் கணக்குதான் அதற்கு ஒரே சாவி. நம் உதாரணத்தில் நடந்தது இதுவே. கம்ப்யூட்டர் கணக்கை ‘அ’ என்றும், கன்சோலில் முளைத்த கணக்கை ‘ஆ’ என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது அவர் ‘அ’வில் லாகின் செய்து பிளேஸ்டேஷனை இணைக்கப் பார்க்கிறார். இது ஏற்கெனவே வேறு கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பிழை வருகிறது. உடனே மூன்றாவதாக ஒரு கணக்கு தொடங்குவது, கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வது, கன்சோலையே ரீசெட் செய்வது என்று போகிறார்கள். எதுவும் உதவாது, ஏனென்றால் இணைப்பு இருப்பது கன்சோலில் அல்ல, எபிக்கின் சர்வரில். மூன்றாவது கணக்கு குழப்பத்தைக் கூட்டும்.

முதலில் எந்தக் கணக்கு எது என்று உறுதிசெய்ய வேண்டும். பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ ஒன்றைத் திறந்து, epicgames.com/account பக்கத்தில் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையுங்கள். அங்கே காட்டும் 32 எழுத்து நீளமான கணக்கு அடையாளத்தை எழுதிவைத்துக்கொண்டு விண்டோவை மூடிவிடுங்கள். புதிய இன்காக்னிட்டோ விண்டோவில் அதே பக்கத்துக்குப் போய், இந்த முறை பிளேஸ்டேஷன் லோகோவை அழுத்தி நுழையுங்கள். அடையாளம் வேறாக இருந்தால் இரண்டு கணக்கு இருப்பது உறுதி. ஒன்றாகவே இருந்தால் இணைப்பில் கோளாறு இல்லை. கன்சோலில் வேறு யூசரிலிருந்து கேமைத் திறந்தீர்களா என்று பாருங்கள்.

இன்காக்னிட்டோ என்று சொல்வது வெறும் எச்சரிக்கைக்காக அல்ல. சாதாரண விண்டோவில் பிளேஸ்டேஷன் லோகோவை அழுத்தினால், பிரவுசரில் ஏற்கெனவே யார் லாகின் ஆகியிருக்கிறார்களோ அவருடைய கணக்கை லாகின் விவரம் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். போன வாரம் வீட்டில் வேறொருவர் அதே கம்ப்யூட்டரில் நுழைந்திருந்தால் அவருடைய பிளேஸ்டேஷன் உங்கள் கணக்கில் ஏறிவிடும். தவறான இணைப்புகளில் நிறைய இப்படித்தான் வருகின்றன. அதன்பின் ஒப்புதல் கேட்கும் திரையில் தெரியும் கன்சோல் கணக்கின் பெயரை ஒரு தடவை படித்தாலே தவிர்த்துவிடலாம்.

அடுத்து துண்டிப்பது. இங்கே வரிசை மாறினால் வம்பு. ‘ஆ’வுக்கு ஈமெயில் இல்லாத நிலையில் அதன் ஒரே சாவியைக் கழற்றினால், அதற்குள் திரும்பிப் போக வழி இருக்காது. எனவே முதலில் ‘ஆ’வுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத ஓர் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்து, அந்த ஈமெயிலுக்கு வரும் குறியீட்டால் உறுதிப்படுத்துங்கள். பிறகு Apps and Accounts பகுதியில் Accounts என்பதைத் திறந்து பிளேஸ்டேஷனைத் துண்டியுங்கள். கடைசியாகப் புதிய இன்காக்னிட்டோ விண்டோவில் ‘அ’வாக நுழைந்து, அதே பகுதியில் பிளேஸ்டேஷனை இணையுங்கள். கன்சோலில் கேமை முழுதாக மூடித் திறந்தால் பழைய லாக்கர் வந்து நிற்கும்.

‘ஆ’வில் ஏதாவது வாங்கியிருந்தால் துண்டிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். வாங்கியது அந்தக் கணக்கிலேயே தங்கிவிடும், ‘அ’வுக்கு வராது. ஃபோர்ட்நைட்டில் இரண்டு கணக்கைச் சேர்க்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது, 2019 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். இன்றும் அதைச் செய்து தருவதாக யாராவது சொல்லி லாகின் விவரம் கேட்டால், அது மோசடி.

வேறு கேமில் இதே வரிசை பொருந்தும் என்று நினைத்துத் துண்டிப்பதும் பெரிய தவறு. கால் ஆஃப் டியூட்டிக்கான ஆக்டிவிஷன் கணக்கில், ஒரு பிளாட்ஃபார்மைத் துண்டிப்பதற்கு 12 மாதத்துக்கு ஒரு முறை என்ற வரம்பு உண்டு. சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு தடவை துண்டித்தவர் ஒரு வருடம் மாட்டிக்கொள்வார். டெஸ்டினி 2 கேமில் ஒரே கதாபாத்திரங்களை எல்லா பிளாட்ஃபார்மிலும் ஆடவிடும் கிராஸ் சேவ் வசதியை அணைத்தபின் மறுபடி இயக்க 90 நாள் காத்திருக்க வேண்டி வரலாம். துண்டிக்கும் திரையில் வரும் அந்தச் சலிப்பூட்டும் பத்தியை முழுதாகப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

டெஸ்டினி 2 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே எந்தக் கணக்கின் கதாபாத்திரங்கள் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று நீங்களே தேர்வுசெய்கிறீர்கள். மற்ற கணக்கின் கதாபாத்திரங்கள் அழிவதில்லை, கிராஸ் சேவ் இயங்கும்வரை மறைந்திருக்கும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய எக்ஸ்பான்ஷன் அந்தந்தக் கடையின் உரிமமாகவே இருக்கும். பிளேஸ்டேஷனில் வாங்கியது ஸ்டீமில் திறக்கவில்லை என்றால் அது இணைப்புப் பிழை அல்ல. அதற்காகத் துண்டித்து மீண்டும் இணைத்தால் காத்திருக்கும் நாள்கள்தான் மிஞ்சும்.

நீங்களாகச் சரிசெய்ய முடியாமல் உதவிக் குழுவுக்கு எழுதும்போது, ‘என் கணக்கு போய்விட்டது’ என்று மட்டும் எழுதினால் பல நாள் கேள்வி பதிலிலேயே போய்விடும். இரண்டு கணக்கின் அடையாளங்கள், கன்சோலில் தெரியும் பெயர், முதலில் வாங்கியதன் ரசீது எண், இணைப்பு மாறிய தேதி, பிழைத் திரையின் படம் ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே சேருங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். பதில் வரும்வரை எதையும் துண்டிக்காமலும் புதிதாக இணைக்காமலும் இருங்கள். நடுவில் நிலைமை மாறினால், நீங்கள் எழுதியதும் அவர்கள் திரையில் பார்ப்பதும் ஒத்துப்போகாது.