இ-மேண்டேட் வங்கிப் பக்கத்தில் தோற்றால் என்ன பார்ப்பது?

எங்கள் மாமா மாதம் 3,000 ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்டில் ஒரு எஸ்ஐபி தொடங்க நினைத்தார். அந்தப் பணம் மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழிய வங்கிக்கு ஆன்லைனில் தரும் அனுமதிதான் இ-மேண்டேட். முதலீட்டுச் செயலியில் எல்லாவற்றையும் நிரப்பினார், வங்கிப் பக்கம் திறந்தது, டெபிட் கார்டு விவரமும் ஓடிபியும் கொடுத்தார். 'தோல்வி' என்று வந்தது. மூன்று முறை முயன்றும் அதே கதைதான்.

முதலில், எந்த இடத்தில் நின்றது என்று கவனியுங்கள். செயலியிலிருந்து கோரிக்கை, வங்கிகளுக்கிடையேயான பணப் பரிமாற்ற அமைப்பை நடத்தும் என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. ஓடிபி கேட்பதும் ஒப்புதல் தருவதும் வங்கிதான். அதனால் வங்கிப் பக்கத்தில் நின்றால் செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுவதில் பயனில்லை.

ஓடிபி வருவதற்கு முன்பே கார்டு மறுக்கப்பட்டால், அதன் ஆன்லைன் வசதியைப் பாருங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகளில் இது அடைக்கப்பட்டே வரும். ஏடிஎம்மில் மட்டும் கார்டு போடுபவர்களுக்கு இது தெரிந்திருக்காது. வங்கிச் செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய்த் திறந்துவிட்டால் போதும்.

ஓடிபி சரியாக இருந்தும் அதற்குப் பிறகு தோற்றால், கணக்கு எண்ணைச் சந்தேகப்படுங்கள். மாமாவுக்கு நடந்தது இதுதான். அவருக்கு ஒரே வங்கியில் இரண்டு கணக்குகள். செயலியில் கொடுத்தது ஓய்வூதியக் கணக்கின் எண், கையில் இருந்த கார்டோ பழைய சேமிப்புக் கணக்குடையது. கார்டு எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அந்த எண்ணும் மேண்டேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் வங்கி ஏற்கும். நெட்பேங்கிங் வழியாகப் போனாலும், உள்ளே நுழையும் பயனர் பெயரின் கீழ் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். பாஸ்புக்கைப் பார்த்துச் செயலியில் எண்ணை மாற்றினோம், நான்காம் முறை பதிவாகிவிட்டது.

கூட்டுக் கணக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற கணக்கில் பெரும்பாலும் சிக்கல் வராது. இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கில் ஒருவரின் ஓடிபி செல்லாது. இங்கே ஆன்லைனில் மல்லுக்கட்டாமல், இருவரும் கையெழுத்திட்ட காகித மேண்டேட் கொடுத்துவிடுவதே நல்லது.

அப்புறம், பயத்தில் நாமே தோற்கடிப்பதும் உண்டு. எஸ்ஐபி 3,000தான், ஆனால் வங்கிப் பக்கம் 10,000 என்று காட்டலாம். அது ஒரு முறை கழிக்கக்கூடிய உச்சவரம்பு மட்டுமே, கழியப்போகும் தொகை அல்ல. அதைப் பார்த்துப் பதறி நிராகரிப்பை அழுத்தினாலோ, பின்செல்லும் பொத்தானைத் தொட்டாலோ, பதிவு தோல்வியில்தான் முடியும்.

பதிவானதும் UMRN என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இட மேண்டேட் அடையாளம் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள். பிறகு மேண்டேட்டை ரத்து செய்ய வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.